ஐம்பதுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவே

புனேயில் புள்ளியியல் ஆய்வு மாணவனாக இருப்பதால், "இந்த எண்களைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டு வரும் மடல்களுக்குக் குறைவில்லை. சென்ற ஆண்டு வந்த ஒன்றை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன். கணக்கு எளியது, அதை நம்பி எடுக்கவிருந்த முடிவு எளியதன்று.

கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் ஓர் அறக்கட்டளை அது. அதன் இணையப் பக்கத்தில் விண்ணப்பப் படிவத்துக்கு மேலே, வருமானச் சான்றிதழில் தொடங்கித் தேவையான ஆவணங்களின் நீண்ட பட்டியல் இருந்தது. அதைக் கண்டே பலர் திரும்பிவிடுகிறார்கள் என்று இணையப் பிரிவினர் கருதினர். பட்டியலை நீக்கிய புதிய வடிவம் ஒன்றை உருவாக்கி, பக்கத்துக்கு வருவோரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, இரு வடிவங்களையும் ஒரே காலத்தில் காட்டினர். எண்களை நூறுகளாக முழுமையாக்கித் தருகிறேன். பத்து நாளில் பழைய வடிவத்தைக் கண்ட 1,000 பேரில் 50 பேரும், புதியதைக் கண்ட 1,000 பேரில் 65 பேரும் விண்ணப்பித்திருந்தனர். ஐந்து விழுக்காடு ஆறரை ஆகிவிட்டது. "முப்பது விழுக்காடு உயர்வு" என்று அறிக்கை எழுதப்பட்டது.

களப் பணியாளர்கள் இதை ஏற்கவில்லை. பட்டியலைப் பார்க்காமல் விண்ணப்பிக்கும் மாணவர், பிறகு சான்றிதழுக்காகத் தாசில்தார் அலுவலகத்துக்கு அலைந்து கடைசி நாளைத் தவறவிடுவார் என்பது அவர்கள் கவலை. ஆகவே கேள்வி இதுதான்: அந்தப் பதினைந்து பேர் புதிய வடிவத்தால் வந்தவர்களா, குலுக்கலில் அந்தப் பக்கம் விழுந்தவர்களா?

இதைச் சூத்திரம் இல்லாமலே சிந்திக்கலாம். வடிவத்துக்கும் விண்ணப்பத்துக்கும் தொடர்பே இல்லை என்று ஒரு கணம் வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த 115 பேரும் எந்தப் பக்கத்தைக் கண்டிருந்தாலும் விண்ணப்பித்திருப்பார்கள். 2,000 சீட்டுகளில் 115இல் மட்டும் புள்ளி வைத்து, நன்றாகக் கலைத்து, ஆயிரம் ஆயிரமாக இரு குவியல்களாகப் பிரியுங்கள். இரு குவியல்களின் புள்ளிச் சீட்டுகளுக்கிடையே பதினைந்தோ அதற்கு மேலோ வேறுபாடு எத்தனை முறை வரும்? நூறு முறை கலைத்தால் ஏறத்தாழ பதினெட்டு முறை வரும். வெறும் கலைப்பே ஆறு முறைக்கு ஒருமுறை இந்த அளவு வேறுபாட்டை உண்டாக்கிவிடுகிறது.

பாடநூல் வழியில் செய்தாலும் கதை மாறாது. இரு குழுக்களையும் சேர்த்த விகிதம் 0.0575. அதிலிருந்து கிடைக்கும் திட்டப் பிழை 0.0104. கண்ட வேறுபாடான 0.015ஐ அதனால் வகுத்தால் 1.44. வழக்கமான ஐந்து விழுக்காட்டு எல்லைக்கு இது 1.96ஐத் தாண்டியிருக்க வேண்டும். ஆர் மொழியில் ஒரே வரி போதும்:

```
prop.test(c(65, 50), c(1000, 1000), correct = FALSE)
```

இதில் பி மதிப்பு 0.15 என வரும். கடைசிப் பகுதியை நீக்கிவிட்டால் 0.18 என வரும். இந்த மாறுபாட்டைக் கண்டு மாணவர்கள் குழம்புவதுண்டு. ஆட்களை முழு எண்களில்தான் எண்ண முடியும். சூத்திரமோ தொடர்ச்சியான வளைகோட்டைப் பயன்படுத்துகிறது. அந்த இடைவெளிக்கான திருத்தத்தைச் செய்தால் சீட்டுக் கலைப்பின் விடையே கிடைக்கிறது.

இதைக் கேட்டதும் களப் பணியாளர்கள் மகிழ்ந்தனர்: "அப்படியானால் புதிய வடிவத்தால் பயனில்லை என்று நிரூபணமாகிவிட்டது." அதுவும் இல்லை. வேறுபாட்டுக்கான 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி, அரைப் புள்ளிச் சரிவிலிருந்து மூன்றரைப் புள்ளி உயர்வு வரை நீண்டது. புதிய வடிவம் சற்றுத் தீங்கு செய்வதோடும் இந்தத் தரவு பொருந்தும். விண்ணப்பங்களை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆக்குவதோடும் பொருந்தும். இவ்வளவு அகன்ற இடைவெளிக்கு ஒரே பொருள்தான்: தீர்ப்புச் சொல்லப் போதிய ஆட்களைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் இணையப் பிரிவினர் தம் வலுவான சான்றை எடுத்து வைத்தனர். ஆறாம் நாளில் ஒவ்வொரு பக்கமும் 600 பேர் வந்திருந்தபோது கணக்கு 27க்கு 43 என்றிருந்தது. அதற்குப் பி மதிப்பு 0.049. "அன்றே நிறுத்தியிருந்தால் முடிவு உறுதியாகியிருக்குமே" என்றனர். எண் சரியானதுதான், பிழை அன்றாடம் பார்த்ததில் இருக்கிறது. ஐந்து விழுக்காட்டு எல்லை என்பது, முன்பே குறித்த இடத்தில் ஒருமுறை பார்ப்பதற்கான வாக்குறுதி. வேறுபாடே இல்லாத இடத்தில்கூடத் தரவு சேரச் சேர ஐந்து முறை பார்த்து, எல்லை தாண்டிய கணத்தில் நிறுத்தினால், தவறாக வெற்றி அறிவிக்கும் வாய்ப்பு 14 விழுக்காடு ஆகிறது. பத்து முறை பார்த்தால் 19. ஆர்மிடேஜும் அவர் கூட்டாளிகளும் மருத்துவச் சோதனைகளை மனத்தில் கொண்டு 1969இல் கணக்கிட்டுக் காட்டியது இது. ஆறாம் நாளுக்குப் பிந்தைய நான்கு நாள்களை மட்டும் பிரித்துப் பார்த்தேன்: பழைய வடிவத்தில் 23, புதியதில் 22. முன்னிலை முழுவதும் முதல் ஆறு நாள்களின் சொத்து.

எனவே புதிதாகத் தொடங்கச் சொன்னேன். முதலில் இரு தரப்பிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: பட்டியலை இழப்பதற்கு ஈடாக, குறைந்தது எவ்வளவு உயர்வு வேண்டும்? நீண்ட விவாதத்துக்குப் பின் ஒன்றரைப் புள்ளி என்று ஒத்துக்கொண்டனர். ஐந்து விழுக்காடு ஆறரை ஆகும் மாற்றம் உண்மையிலேயே இருந்தால், அதை ஐந்துக்கு நான்கு முறை கண்டுபிடிக்க ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏறத்தாழ 3,800 பேர் தேவை. தேடும் வேறுபாடு பாதியானால் தேவைப்படும் ஆட்கள் ஏறக்குறைய நான்கு மடங்காவார்கள் என்பதால், அந்த ஒன்றரையை முன்கூட்டியே பேசித் தீர்ப்பது இன்றியமையாதது. நாளுக்கு நூறு பேர் என்றால் 38 நாள். பழைய பத்து நாள் தரவைச் சேர்ப்பதில்லை, இடையில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை என்று எழுத்தில் முடிவு செய்துகொண்டோம்.

38 நாளுக்குப் பின் பழைய வடிவத்தில் 205 பேர், புதியதில் 226 பேர். முப்பது விழுக்காட்டு உயர்வு பத்தாகச் சுருங்கியிருந்தது. பி மதிப்பு 0.30. ஆனால் எனக்கு முதன்மையாகப் பட்டது இடைவெளிதான்: அரைப் புள்ளிச் சரிவிலிருந்து 1.6 புள்ளி உயர்வு வரை. முன்பு மூன்றரை வரை எட்டிய மேல்முனை, இப்போது இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒன்றரையை மயிரிழையில் தாண்டி நின்றுவிட்டது. பட்டியலை நீக்குவதால் சிறு பயன் இருக்கலாம். அவர்களே தகும் என்று வகுத்த அளவுக்கு இருப்பது அரிது.

பட்டியல் பக்கத்திலேயே இருக்கிறது. அதை விடச் சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுத முடியுமா என்பதை அடுத்த சோதனைக்கு எடுத்திருக்கிறார்கள். இம்முறை எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு வேறுபாடு என்பதை முதல் ஆள் பக்கத்தைத் திறக்கும் முன்பே எழுதி அனுப்பியிருந்தார்கள். அவற்றைச் சரிபார்த்ததோடு என் வேலை முடிந்தது.