வடிகட்டித் துணியும் சாத்துக்குடித் தோலும்

தேநீர்க் கடையின் தூள் சக்கை, காப்பி வடிகட்டியில் தங்கும் மண்டி, பழச்சாறுக் கடையில் சீவி எறியப்படும் தோல் ஆகிய மூன்றும் தோட்டத்துக்கோ தரை துடைப்பதற்கோ பயன்படக்கூடியவை என்றாலும், பாலும் சர்க்கரையும் உறிஞ்சுகுழல்களும் கலந்த ஒரே தொட்டியில் அவை விழுந்துவிட்டால், அதன்பின் அவற்றைப் பிரித்தெடுக்க யாராலும் இயலாது. ஆகவே இவற்றைப் பயனாக்கும் பணியின் முதல் வேலை உரத்தொட்டியில் தொடங்குவதில்லை. டீ மாஸ்டரின் கையிலும், பழம் சீவுபவரின் கத்தியிலும் தொடங்குகிறது.

மதுரையின் கடைத்தெரு ஒன்றில், மாடித்தோட்டம் வைத்திருக்கும் பெண்மணி ஒருவர் நாள்தோறும் காலை வியாபாரம் தணிந்த பின் இரண்டு வாளிகளுடன் வந்து சக்கையும் தோலும் பெற்றுச் செல்கிறார். அங்குள்ள தேநீர்க் கடையில் தேயிலைத் தூள் நீண்ட துணிப்பையில் இடப்பட்டு, அதன்மேல் கொதிநீர் ஊற்றி டிகாஷன் இறக்கப்படுகிறது. பாலும் சர்க்கரையும் கண்ணாடித் தம்ளரில்தான் சேர்கின்றன. இதனால் துணியில் மிஞ்சுவது தூளும் நீரும் மட்டுமே. வீடுகளில் பாலோடு சேர்த்துக் கொதிக்கவைத்த தேநீரின் சக்கை அப்படிப்பட்டதன்று. அதில் ஒட்டியிருக்கும் பால் ஒரே நாளில் புளித்து நாறுவதோடு ஈயையும் எலியையும் அழைத்துவரும். இந்த வேறுபாட்டை அந்த மாஸ்டர் நன்கறிவார். "அக்கா, இது வெறும் டிகாஷன் சக்கை. இஞ்சி டீ சட்டியில வடிச்சது அந்தப் பக்கம் இருக்கு, அதை எடுத்துறாதீங்க" என்று சொல்லிக்கொண்டே, துணிப்பையை இரு கைகளாலும் முறுக்கிப் பிழிந்து, கறுத்த உருண்டையாகச் சக்கையை வாளியில் தட்டுகிறார். அவ்வாறு பிழிந்து தரும் சக்கை சுமப்பதற்கு இலகு, மக்குவதற்கும் ஏற்றது.

நிறத்தில் காய்ந்த இலைபோல் தோன்றினும், உரமாக்குவோர் கணக்கில் இச்சக்கை பச்சைப் பொருளாகும். பச்சைப் பொருள் என்பது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிகுந்த கழிவு. காய்ந்த சருகு, தென்னை நார்த்தூள், மரத்தூள் போன்றவை கரிமம் மிகுந்த உலர் பொருள்கள். உலர்ந்த தேயிலைச் சக்கையில் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கும், காப்பி மண்டியில் ஏறத்தாழ 2 பங்கும் நைட்ரஜன் உண்டு. சக்கையை மட்டும் குவித்தால் காற்றுப் புகாமல் அது களிபோல் இறுகி அழுகும் என்பதால், அப்பெண்மணி துளையிட்ட பழைய பெயின்ட் வாளியில் ஒரு பங்கு சக்கைக்கு இரண்டு பங்கு சருகு என்ற அளவில் அடுக்கி, ஒரு கைப்பிடி பழைய மக்கிய உரத்தைத் தூவி, வாரம் இருமுறை கிளறிவிடுகிறார். ஈரப்பதத்தைச் சோதிக்க அவர் கையாளும் முறை எளியது: ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு நீர் கசிய வேண்டும், ஒழுகினால் சருகும், உதிர்ந்தால் நீரும் சேர்க்க வேண்டும். சுமார் இரண்டு மாதங்களில் சக்கையின் வடிவம் மறைந்து, மழை நனைத்த மண்ணின் மணம் வந்துவிடும்.

மக்காத சக்கையை நேரே தொட்டிச் செடியின் அடியில் கொட்டும் பழக்கம் பரவலாக இருந்தாலும் அது நல்லதன்று. தடித்து விழுந்த சக்கையின்மேல் வெண்பூஞ்சை படரும். சிறு கறுப்புக் கொசு போன்ற பூச்சிகள் அதில் முட்டையிடும். காப்பி மண்டியோ காய்ந்ததும் ஓடுபோல் இறுகி நீரை உள்ளே விடாது. அதில் எஞ்சியுள்ள காஃபீன் விதை முளைப்பதையும் தடுக்கக்கூடும். காப்பி மண்டி மண்ணைப் புளிப்பாக்கும் என்ற நம்பிக்கை மட்டும் பெரும்பாலும் தவறானது; புளிப்பின் பெரும்பகுதி டிகாஷனோடு இறங்கிவிடுவதால் மண்டி ஏறக்குறைய நடுநிலையில்தான் இருக்கும்.

பழச்சாறுக் கடையில் பிரிப்பு இன்னும் நுட்பமானது. சாத்துக்குடியைப் பிழியுமுன் கடைப்பையன் கத்தியால் சுற்றிச் சீவும்போது ரிப்பன்போல் கழன்று விழும் மஞ்சள்–பச்சை மேல்தோல் ஒன்று. சாறு எடுத்த பின் எஞ்சும் சதைச் சக்கை மற்றொன்று. மேல்தோலை வளைத்து நகத்தால் அழுத்தினால் மெல்லிய சாரலாகத் தெறிப்பது, அதிலுள்ள நுண்பைகளில் அடங்கிய எண்ணெய்; லிமோனீன் எனப்படும் அதன் முதன்மைப் பொருள்தான் எண்ணெய்ப் பிசுக்கை இளக்குகிறது. ஆகவே மேல்தோல் தரை துடைக்கும் கரைசலுக்கும், சதைச் சக்கை உரத்தொட்டிக்கும் செல்கின்றன. மாதுளைத் தோல் சாயமேற்றும் துவர்ப்புடையது என்பதால் வெள்ளைத் தரைக்கான கரைசலில் சேர்ப்பதில்லை. மில்க் ஷேக் தம்ளர்களின் மிச்சம் எதற்கும் ஆகாது.

பயோ என்சைம் என்று மக்கள் வழங்கும் அக்கரைசலின் விகிதம், வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, நீர் பத்துப் பங்கு என்பதாகும். 20 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் கேனில் ஒரு கிலோ வெல்லத்தை 10 லிட்டர் நீரில் கரைத்து, கழுவி நறுக்கிய 3 கிலோ தோலை இட்டு, வாயு தங்குவதற்கு மேலே இடம் விட்டு மூடுகிறார்கள். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் வெல்லத்தைச் சாராயமாக்கிக் கரியமில வாயுவை வெளிவிடுவதால், முதல் மாதம் நாள்தோறும் மூடியைத் திருகி வாயுவைப் போக்கியே ஆக வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி மறந்தால் அது வெடிக்கும். பின்னர் வேறு நுண்ணுயிர்கள் அச்சாராயத்தை அசெட்டிக் அமிலமாக, அதாவது காடியின் புளிப்பாக, மாற்றுகின்றன. மூன்று மாதம் கழித்து வடிகட்டும்போது புளிப்பும் பழமணமும் கலந்து வீசினால் பக்குவம் சரி. மேலே வெண்படலம் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கறுப்பு அல்லது பச்சைப் பூஞ்சை முடிமுடியாக எழுந்து அழுகல் வாடை வந்தால் அது கெட்டது.

பெயரில் என்சைம் இருப்பினும், இக்கரைசலின் துடைக்கும் ஆற்றலுக்குக் காரணம் பெரும்பாலும் அமிலமும் தோல் எண்ணெயுமே என்பதை உணர்ந்தால் அதன் எல்லையும் விளங்கும். உப்புநீரால் குழாயிலும் கழிவறையிலும் படியும் வெண்கறையை அது கரைக்கிறது. ஆனால் அதே காரணத்தால் சலவைக்கல்லையும் கடப்பைக் கல்லையும் அரித்து மங்கச்செய்யும். நோய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்தாக அதை நம்பக்கூடாது. செடிக்கு விடுவதாயின் ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மில்லிலிட்டருக்கு மேல் வேண்டியதில்லை. மிகுந்தால் வேர் கருகும்.

அப்பெண்மணியின் வீட்டில் நிரப்பிய கேன்கள் தேதி எழுதிய துண்டுத்தாளோடு படிக்கட்டின் கீழ் நிழலில் வரிசையாக இருக்கின்றன. பிளீச்சிங் பவுடர் டப்பா மட்டும் வீட்டின் மறுகோடியில், தனியே வைக்கப்பட்டுள்ளது. அமிலமும் பிளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில் சேர்ந்தால் நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு எழும் என்பதால், இக்கரைசலைத் தயாரிக்கும் எவரும் அந்த இரண்டையும் அருகருகே வைக்க வேண்டாம்; வேறு ஆளிடம் கொடுத்து வேலை வாங்கும்போது, இதை வாயால் சொல்லியே கொடுக்க வேண்டும்.