பெட்டியில எழுதியிருக்கிற முப்பது நிமிஷம்

அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயசிலயே நரைக்கத் தொடங்கிட்டுது. முதல்ல காதுக்கு மேல ரெண்டு பக்கமும், பிறகு நெத்தி விளிம்பில. அவ காலி வீதியில ஒரு உடுப்புக்கடை கவுண்டரில நிக்கிறவ. நரையோட நிக்கக்கூடாது எண்டு யாரும் சொல்லேல்ல. ஆனா சொல்லாமலே விளங்கும் விஷயங்கள் இருக்கு. அதனால அஞ்சு கிழமைக்கு ஒருக்கா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான்தான் அவவுக்கு டை பூசிவிடுவன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து இது என்ட வேலை.

அப்ப நாங்கள் கொட்டாஞ்சேனையில இருந்தனாங்கள். மேல் மாடி, அஸ்பெஸ்டஸ் கூரை, மத்தியானத்தில அறைக்குள்ள நிக்கவே ஏலாது. ஒரு மின்விசிறி மட்டும். அம்மா பழைய நைட்டியோட ஸ்டூலில இருப்பா, நான் பிரஷ்ஷால பூசுவன், முப்பது நிமிஷத்துக்குப் போனில அலாரம் வைப்பம். அலாரம் அடிச்சதும் கழுவுவம். ஒருநாளும் பிழைச்சதில்லை.

போன வருஷம் வெள்ளவத்தைக்கு மாறினம். சின்ன ஃபிளாட், ஆனா ஒரு அறைக்கு ஏசி இருந்தது. பெரியம்மாட மகளின்ட எழுத்துக்கு முதல் நாள், அதே கம்பெனி டை, அதே இலக்கம், அதே முப்பது நிமிஷம். ஏசி அறையில குளுகுளு எண்டு இருந்து பூசினம். கழுவிக் காயவிட்ட பிறகு பாத்தா, உச்சியும் பின் பக்கமும் கறுப்பு. காதுக்கு மேல மட்டும் தேத்தண்ணிக் கறை பட்ட வெள்ளைத் துணி மாதிரி ஒரு நிறம். திரும்பப் பூச வேற பெட்டி இல்லை, நேரமும் இல்லை. எழுத்துப் படங்கள் எல்லாத்திலயும் அம்மா தலையை ஒரு பக்கமாச் சரிச்சுக்கொண்டுதான் நிக்கிறா. "டூப்ளிகேட் சாமான் தந்திட்டான்" எண்டு கடைக்காரரைத் திட்டினா. நானும் அப்பிடித்தான் நினைச்சன்.

பிறகு அதே கடையில வாங்கின அடுத்த பெட்டியைத் தற்செயலா ஏசி இல்லாத நாளில பூசினம். நல்லாவே பிடிச்சுது. அப்பதான் எனக்குச் சந்தேகம் வந்தது. மாறினது டை இல்லை, அறை.

தலைமயிர் டை பெயின்ட் மாதிரி மேல பூசிவிடுற நிறமில்லை. குழாயிலிருந்து வரேக்க அது கிட்டத்தட்ட வெள்ளையாத்தான் இருக்கும், இதை எல்லாரும் பாத்திருப்பீங்கள். அதில இருக்கிறது நிறமே இல்லாத மிகச் சின்ன மூலக்கூறுகள். அமோனியா மயிரை ஊதச்செய்து வழி விடும், சின்ன மூலக்கூறுகள் உள்ள போகும். மற்றப் போத்தலில இருக்கிற டெவலப்பர், அதாவது ஹைட்ரஜன் பெரொக்சைட், அவற்றை உள்ளுக்குள்ளேயே ஒண்டோட ஒண்டு சேர்த்துப் பெரிசாக்கும். பெரிசானதுக்குத்தான் நிறம் இருக்கு. வந்த வழியால திரும்பிப் போக ஏலாத அளவுக்குப் பெருத்ததாலதான் அந்த நிறம் தலையில தங்கும். ஆக, அந்த முப்பது நிமிஷமும் எங்கட தலையில ஒரு சமையல் நடக்குது. இடையில கழுவினா அரைவேக்காடு. சேராமல் கிடந்த சின்னதுகள் தண்ணியோட போயிடும், மிச்ச நிறமும் மெல்லிசா, பழுப்பா நிக்கும், நாலு முறை முழுகினாப் போயிடும்.

சமையல் எண்டா சூடு முக்கியம். என்னோட படிக்கிற ஒருத்தி ஏ.எல். பயோ செய்து, பிறகு ஆர்ட்ஸ்க்கு வந்தவள். அவள் சொன்னாள்: வெப்பநிலை பத்து பாகை கூடினா பல இரசாயனத் தாக்கங்களின்ட வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். இது ஒரு பருமட்டான கணக்கு, எல்லாத்துக்கும் அப்பிடியே பொருந்தாது. ஆனா கொட்டாஞ்சேனை மத்தியானத்துக்கும் வெள்ளவத்தை ஏசிக்கும் இடையில பத்து பாகை தாராளமா இருக்கு.

நம்பிக்கை வராததால நானே செய்து பாத்தன். அம்மாட சீப்பிலிருந்து நரை மயிர்களை மட்டும் ரெண்டு மாதமாச் சேர்த்து, கழுவி, நூலால கட்டிப் பத்துச் சின்னக் கட்டு செய்தன். மீன் தொட்டிக் கடையில ஒரு கண்ணாடி வெப்பமானி வாங்கினன். ஏசி அறையில 21 பாகை, பல்கனியில 31. ஒரே கிண்ணத்தில கலந்த டையை எல்லாக் கட்டுக்கும் பூசி, சோசரில வைச்சு, ஒவ்வொரு இடத்திலயும் நாலு கட்டைப் பொலித்தீனால மூடினன், ஒண்டைத் திறந்தே விட்டன். மூடினதில ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் ஒரு கட்டை எடுத்துக் கழுவினன்.

பத்தாவது நிமிஷம் ஏசிக் கட்டு பால் தேத்தண்ணி நிறம், பல்கனிக் கட்டு பிளேன்ரீ நிறம். இருபதில பல்கனியில கிட்டத்தட்டக் கறுப்பு, ஏசியில வெறும் பழுப்பு. முப்பதில, பெட்டி சொன்ன நேரத்தில, பல்கனிக் கட்டு முழுக் கறுப்பு. ஏசிக் கட்டும் பாத்தா கறுப்பு மாதிரித்தான், ஆனா ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சா உள்ள பழுப்பு தெரிஞ்சுது. நாற்பதிலதான் அது பல்கனிக் கட்டின்ட இருபதைத் தாண்டினது. அம்மாட காதுக்கு மேல இருந்த நிறம், ஏசிக் கட்டின்ட இருபதாவது நிமிஷ நிறம்தான். பக்கத்தில வைச்சுப் பாத்தவுடனே அம்மாவே கண்டுபிடிச்சா.

திறந்து விட்ட ரெண்டு கட்டையும் நாற்பதிலதான் எடுத்தன். பல்கனியில மூடாமல் விட்டது விளிம்பெல்லாம் காய்ஞ்சு பொருக்கு மாதிரி ஆகியிருந்தது. கழுவினா இடைக்கிட கறுப்பு, இடைக்கிட பழுப்பு. டை ஈரமா இருக்கிற வரைக்கும்தான் வேலை செய்யும். சூடு வேகத்தைக் கூட்டும், ஆனா அதே சூடும் காத்தும் காயவைச்சு வேலையை நிப்பாட்டியும் விடும். கொட்டாஞ்சேனையில எங்களுக்கு ஏன் அப்பிடி நடக்கேல்ல எண்டு யோசிச்சன். அம்மா ஒவ்வொரு முறையும் ஷொப்பிங் பேக்கால தலையைக் கட்டிக்கொண்டுதான் இருப்பா, நைட்டியில கறை படாமல் இருக்க. கறைக்காகக் கட்டினது டையைக் காப்பாத்தியிருக்கு. ஏசி அறையில வேர்க்காது, ஒழுகாது எண்டு அந்தப் பேக்கைக் கட்டாமல் விட்டதும் நாங்கள்தான்.

இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. குளிர் எண்டா தலை முழுக்கக் குளிர்தானே, ஏன் காதுக்கு மேல மட்டும் பிழைச்சது? சோசரில கிடந்த மயிருக்கு உடம்பு இல்லை, தலைக்கு இருக்கு. உச்சியில, பின் கழுத்தில, அடர்ந்த மயிருக்குக் கீழ உடம்புச்சூடு டையை வெதுவெதுப்பாவே வைச்சிருக்கும். அங்க அறை எவ்வளவு குளிர்ந்தாலும் பெரிசா வித்தியாசம் வராது. நெத்தி விளிம்பிலயும் காதுக்கு மேலயும் மயிர் குறைவு, டையும் மெல்லிசா நிக்கும், ஏசிக் காத்து நேர படும். ஈரம் ஆவியாப் போகேக்க அந்த இடம் இன்னும் குளிரும். முகத்தில தண்ணி தெளிச்சுட்டு மின்விசிறிக்கு முன்னால நிண்டா என்ன நடக்குமோ அதுதான். போதாக்குறைக்கு, நரை அதிகமா இருக்கிறதும் அங்கதான். ஒரே தலையில, நரை கூடின இடமே குளிர் கூடின இடம்.

உடம்புச்சூடு எப்பவும் நண்பன் இல்லை எண்டதுக்கு என்ட தலையே சாட்சி. செகண்ட் இயரில, இன்னும் கொட்டாஞ்சேனையில இருக்கேக்க, முதல்முதலா என்ட கறுப்பு மயிருக்கு இளம் பழுப்பு பூசினன். சித்திரை மாதம், மத்தியானம். வேரிலிருந்து நுனி வரைக்கும் ஒரே தரம் இழுத்துப் பூசியாச்சு. முடிவில நுனி நல்ல பழுப்பு, வேரோரம் ஒரு விரல் அகலத்துக்குச் செம்பு நிறம். "தேங்காய்த் தும்பு மாதிரி இருக்கு பிள்ளை" எண்டு அம்மா சிரிச்சா.

இங்க நடந்தது வேற வேலை. நரையில வெளிர வைக்க ஒண்டுமில்லை, நிறத்தைச் சேர்க்கிறது மட்டும்தான். கறுப்பு மயிரில பெரொக்சைட் முதல்ல இருக்கிற கறுப்பைக் கரைக்கவேணும். கறுப்பு கரையேக்க நேரா மஞ்சளுக்குப் போகாது, சிவப்பு, செம்மஞ்சள் எண்டு படிப்படியாத்தான் போகும். தலைத்தோலுக்குப் பக்கத்தில இருக்கிற மயிர் சூட்டில வேகமாக் கரையும். அறையும் சூடு எண்டா இன்னும் வேகம். நுனி முதலாவது படியில நிக்கேக்க வேர் ரெண்டாவது படிக்குப் போயிருக்கும். அதனாலதான் சலூன்களில முதல் தடவை நிறத்தை வெளிர வைக்கேக்க வேரோரம் ரெண்டு சென்ரிமீற்றர் மாதிரி விட்டுட்டு நடுப்பகுதிக்கும் நுனிக்கும் பூசி, வேருக்கு அரைவாசி நேரம் போன பிறகுதான் பூசுவினம்.

இப்ப எங்கட வீட்டில ஞாயிற்றுக்கிழமை முறை மாறியிருக்கு. பூசத் தொடங்க அரை மணித்தியாலம் முதலே ஏசியும் மின்விசிறியும் ஓஃப். காதுக்கு மேலயும் நெத்தியிலயும்தான் முதல்ல பூசுறது, அதுவும் தடிப்பா. பிறகு உச்சி, கடைசியில பின் கழுத்து. கடைசி இடம் பூசின பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்குவம். பிறகு பேக் கட்டு. அலாரம் அடிச்சதும் கழுவ ஓடாமல், ஈரப் பஞ்சால காதுக்கு மேல கொஞ்ச மயிரைத் துடைச்சு, வெளிச்சத்தில பிடிச்சுப் பாப்பன். உள்ள பழுப்பு தெரிஞ்சா அந்த இடத்தில புது டை கொஞ்சம் வைச்சு, மூடி, இன்னும் அஞ்சு நிமிஷம்.

அதுக்காக அலாரத்தைத் தூக்கி எறியேலாது. பெட்டியில ஆகக்கூடிய நேரம் எண்டு ஒண்டு எழுதியிருக்கும். அதைத் தாண்டுறதில்லை. தாண்டினா மயிருக்கு முதல் தோலுக்குத்தான் கேடு. அறை குளிர் எண்டா அறையைச் சூடாக்கவேணும், நேரத்தை இழுக்கக்கூடாது. பெட்டியில சொல்லாமல் ஹெயார் டிரையர் பிடிக்கிறதும் பிழை, காய்ஞ்சும் போகும், தோலும் எரியும். எரிஞ்சா, கடிச்சா எத்தனையாவது நிமிஷமா இருந்தாலும் கழுவவேணும். 48 மணித்தியாலம் முதலே தோலில தொட்டுப் பாக்கச் சொல்லுறதும் சும்மா இல்லை, பழகின டைக்கே ஒருநாள் ஒவ்வாமை வரலாம்.

அம்மா கடைக்காரரிட்ட மன்னிப்புக் கேக்கேல்ல. ஆனா அந்தப் பத்து மயிர்க் கட்டையும் ஒரு பழைய நிச்சயதார்த்தக் கார்ட்டில வரிசையா ஒட்டி, பக்கத்தில நிமிஷம் எழுதி, அலமாரிக் கதவுக்குள்ள வைச்சிருக்கிறா. டை பூசுற நாளில என்ட பஞ்சை நம்பாமல், அதையும் கையில எடுத்துக்கொண்டுதான் கண்ணாடிக்கு முன்னால வருவா.