பழனி பாதயாத்திரை: வகுத்தல் கணக்கு போடாதீர்கள்



தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து பழனிக்கு நடந்து போகப் போவதாக நம் பழைய மாணவர்கள் சிலர் போன வாரம் பேசினார்கள். "சார், மொத்தம் சுமார் 120 கிலோமீட்டர். அஞ்சு நாள் நடந்தா ஒரு நாளைக்கு 24" என்றான் ஒருவன். வகுத்தல் சரிதான். ஆனால் கால்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது. இந்தக் குழுவில் அறுபதைத் தாண்டியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவருக்குச் சர்க்கரை உண்டு. அதனால் விவரமாக எழுதுகிறேன்.

தூரத்தை வகுப்பதற்கு முன்னால் நேரத்தைப் பாருங்கள். தை மாதத்திலும் பத்து மணிக்கு மேல் தார் ரோடு சுட ஆரம்பித்துவிடும். அதிகாலை 3:30க்குக் கிளம்பினால் 9:30 வரை ஆறு மணி நேரம் கையில் இருக்கிறது. மணிக்குப் பத்து நிமிடம் உட்காருவது, காலைச் சாப்பாடு எல்லாம் போக நடப்பது நாலரை மணி நேரம்தான். குழுவில் மெதுவாக நடப்பவர் மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் போவார் என்றால் காலையில் 16. மாலை 4:30 முதல் இருட்டும் வரை இன்னும் 6. ஆக ஒரு நாளின் உச்சவரம்பு 22. வேகமாக நடப்பவரை வைத்துத் திட்டம் போட்டால், மற்றவர்கள் வெயிலில் நடக்க வேண்டிவரும்.

இந்த வரம்புக்குள்ளும் எல்லா நாளும் ஒரே தூரம் வைக்கக் கூடாது. முதல் நாள் உற்சாகத்தில் எவ்வளவு தூரமும் போகலாம் போலத் தோன்றும். அதன் விலை இரண்டாம் நாள் காலையில் கெண்டைக்கால் பிடிப்பாகவும் பாதத்தில் கொப்புளமாகவும் தெரியும். அதனால் நான் போட்டுக் கொடுத்த திட்டம் இது (தூரம் எல்லாம் உத்தேசம்):

முதல் நாள்: சமயநல்லூர் தாண்டி, 14 கி.மீ.
2ஆம் நாள்: வாடிப்பட்டி தாண்டி, 18
3ஆம் நாள்: கொடைரோடு வழியாகச் சின்னாளபட்டி, 20
4ஆம் நாள்: திண்டுக்கல், 12
5ஆம் நாள்: திண்டுக்கல்லில் ஓய்வு
6ஆம் நாள்: ரெட்டியார்சத்திரம் தாண்டி, 16
7ஆம் நாள்: ஒட்டன்சத்திரம், 16
8ஆம் நாள்: ஆயக்குடி, 19
9ஆம் நாள்: பழனி, 7

நாலாம் நாள் காலை எட்டு மணி வாக்கில் திண்டுக்கல் போய்விடலாம். அடுத்த நாளும் ஓய்வு என்பதால் கால்களுக்கு ஏறக்குறைய இரண்டு பகல் கிடைக்கும். ஓய்வு நாளில் ஊர் சுற்றப் போகாதீர்கள். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுங்கள், துணி துவையுங்கள். ஆறாம் நாள் கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் நடந்து காட்ட வேண்டும். அப்போதும் நொண்டுகிறவர் ஒட்டன்சத்திரம் வரை பஸ்ஸில் போய்க் காத்திருக்கட்டும். அது வேண்டுதலுக்குக் குறை ஆகாது.

கடைசி நாளை ஏன் 7 கிலோமீட்டரோடு நிறுத்தினேன் என்று கேட்பீர்கள். பழனி வந்த பிறகு வரிசையில் பல மணி நேரம் நிற்க வேண்டும். அப்புறம் கிட்டத்தட்ட 700 படி ஏற வேண்டும். முந்தின நாளே களைத்துப் போனவருக்கு இறங்கும்போதுதான் முழங்கால் நடுங்கும்.

அதிகாலை நடையில் ஒரு விஷயம். பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் வழியெல்லாம் நிலா வெளிச்சம் இருக்கும் என்று நினைப்போம். ஆனால் வளர்பிறை நிலா அதிகாலைக்கு முன்பே மறைந்துவிடும். முதல் ஐந்தாறு நாட்கள் 3:30 மணிக்குக் கும்மிருட்டுதான். சூரியன் உதிக்க 6:30 தாண்டும். ஆகவே ஆளுக்கு ஒரு டார்ச், முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர், எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலது ஓரம், ஒற்றை வரிசை. வரிசையின் கடைசி ஆள் விவரம் தெரிந்தவராக இருக்கட்டும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பாதத்தில் மரமரப்பு இருந்தால் கொப்புளம் வருவதே தெரியாது, அது புண்ணான பிறகுதான் தெரியும். வெறுங்காலோடு நடக்க வேண்டாம். பழகிய செருப்போ ஷூவோ போட்டு நடங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இன்னொருவர் உங்கள் பாதத்தைப் பார்க்கட்டும். கிளம்புவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் மாத்திரை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் பேசிவிடுங்கள். அதிகாலையில் சாப்பிடாமல் நடந்தால் சர்க்கரை இறங்கி வியர்வையும் நடுக்கமும் வரும்.

ஒன்பது நாள் லீவு கிடைக்காதவர்கள் திண்டுக்கல்லில் வந்து சேர்ந்துகொள்ளுங்கள். அங்கிருந்து நாலு நாள் நடைதான். ஆனால் வேகம் மட்டும் அறுபதைத் தாண்டிய அந்த இரண்டு பேருடையது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்