ஹெக்டேரிலிருந்து டேங்குக்கு

பூச்சிமருந்துப் புட்டியோடு மடித்து வைத்துத் தரும் துண்டறிக்கையில் விவசாயி முதலில் தேடுவது அட்டவணையைத்தான். பயிர், பூச்சி, மருந்தளவு, தண்ணீர், நாள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி இந்தத் துண்டறிக்கை வட்டார மொழியிலும் இருந்தாக வேண்டும். அதைத் தமிழில் எழுதித் தருவது என் தொழில். ஃபரிதாபாத்திலுள்ள பதிவுக் குழு ஒப்புதல் தந்த எண் எதையும் நான் தொடக் கூடாது. ஆனால் அந்த எண் வரப்பில் எப்படிக் காதில் விழும் என்பது நான் எழுதும் விதத்தைப் பொறுத்தது.

காதில் விழும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. துண்டறிக்கையைப் படிப்பவரும் மருந்து கலப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள் இல்லை. அப்பா கையில் வாளியோடு நிற்பார், மகளோ மகனோ உரக்கப் படிப்பார்கள். '100–125' என்று இருந்தால் 'நூறு நூத்தி இருபத்தஞ்சு' என்றுதான் வாயில் வரும். அதனால் கட்டத்தில் இடம் இடித்தாலும் '100 முதல் 125 வரை' என்றே எழுதுகிறேன். அலகுகளையும் சுருக்குவதில்லை. 'கி.' என்று போட்டால் கிராமா கிலோவா என்று கேட்க வேண்டியிருக்கும். 'மி.லி.'யும் 'மி.கி.'யும் பொடி எழுத்தில் ஒன்றுபோலவே தெரியும். மில்லி, கிராம், கிலோ, லிட்டர் என்று முழுதாக எழுதிவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஒரு வரியை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். பருத்தியில் அசுவினி, வெள்ளை ஈ, தத்துப்பூச்சிக்கு இமிடாகுளோபிரிட் 17.8 சதவீதக் கரைசல். ஹெக்டேருக்கு மூலப்பொருள் 20 முதல் 25 கிராம், மருந்து 100 முதல் 125 மில்லி, தண்ணீர் 500 முதல் 700 லிட்டர், காத்திருப்பு 40 நாள்.

முதல் சிக்கல், மருந்தளவு என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டு எண்கள் நிற்பது. 20 கிராம் என்பது கரைசலுக்குள் இருக்கும் நஞ்சின் எடை. அது அரசுக்கும் ஆய்வகத்துக்கும் வேண்டிய கணக்கு. அவசரத்தில் அதையே அளவென்று எடுத்துக்கொண்டு 20 மில்லி ஊற்றினால் ஐந்தில் ஒரு பங்குதான் போகும். பூச்சி சாகாது, 'கம்பெனி சரியில்லை' என்று அடுத்த வாரமே வேறொரு மருந்து ஏறும். கட்டத்தை எடுத்துவிட எனக்கு அனுமதி இல்லை. ஆகவே தலைப்புகளை நீட்டி எழுதுகிறேன்: ஒன்றில் 'மருந்துக்குள் அடங்கிய நச்சுப்பொருள்', மற்றதில் 'புட்டியிலிருந்து அளந்து எடுக்க வேண்டிய மருந்து'.

இந்த இரண்டு எண்களும் எனக்கு வேறொரு விதத்தில் உதவுகின்றன. 100 மில்லியில் 20 கிராம், 125 மில்லியில் 25 கிராம்: விகிதம் ஒத்துப்போகிறது. 17.8 சதவீதம் என்று போட்டுவிட்டு 100 மில்லியில் 20 கிராம் எப்படி என்று தோன்றலாம். அந்தச் சதவீதம் எடைக்கு எடை. கரைசல் தண்ணீரைவிடக் கனமானது, 100 மில்லி ஏறக்குறைய 112 கிராம் நிற்கும். அச்சுக்கோப்பில் ஒரு புள்ளி விழுந்தாலோ இரு வரிகள் இடம் மாறினாலோ இந்தக் கணக்கு இடறும். ஒவ்வொரு வரியையும் இப்படிப் பெருக்கிப் பார்த்த பிறகே கையெழுத்திடுகிறேன்.

இரண்டாவது சிக்கல் ஹெக்டேர். நம் ஊரில் நிலம் ஏக்கரிலும் சென்டிலும் இருக்கிறது, மருந்து டேங்கில் கலக்கப்படுகிறது. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். வகுத்தால் ஏக்கருக்கு மருந்து சுமார் 40 முதல் 50 மில்லி, தண்ணீர் சுமார் 200 முதல் 280 லிட்டர். 40 மில்லியை 200 லிட்டருக்குப் பகிர்ந்தால் 10 லிட்டர் டேங்குக்கு 2 மில்லி. மருந்துக் கடையில் வாய்மொழியாகச் சொல்வதும் இதைப் போன்ற டேங்குக் கணக்குத்தான். ஆனால் 'டேங்குக்கு 2 மில்லி' என்று தனியாக எழுதினால் அது பாதி உண்மை. அந்த அளவில் ஓர் ஏக்கருக்கு 20 டேங்க் அடிக்க வேண்டும். பத்து டேங்கோடு நிறுத்திக்கொண்டால் வயலுக்குப் போனது 20 மில்லிதான், பாதி மருந்து. டேங்க் 16 லிட்டர் என்றால் மருந்து 3.2 மில்லி, டேங்க் பன்னிரண்டரை. விசைத்தெளிப்பானில் தண்ணீர் இன்னும் குறையும், டேங்குக் கணக்கே மாறிவிடும்.

எனவே நிறுவனத்தின் வேளாண் அலுவலரிடம் ஏக்கர்க் கணக்கைக் காட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்குகிறேன். அவர் ஒப்பினால் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும்: 'ஓர் ஏக்கருக்கு மொத்தம் 40 மில்லி, 10 லிட்டர் டேங்குக்கு 2 மில்லி வீதம் 20 டேங்க்.' மொத்த அளவு முதலில் நிற்க வேண்டும், ஏனென்றால் சிபாரிசு நிலப்பரப்புக்குத்தான். ஒப்பவில்லை என்றால் ஹெக்டேர்க் கணக்கு மட்டுமே இருக்கும், நானாக எதையும் சேர்ப்பதில்லை. அளக்க மூடியைச் சொல்வதும் இல்லை. ஒரு புட்டியின் மூடியைப் போல இன்னொன்று இருப்பதில்லை.

40 நாளையும் தனியாக விடக் கூடாது. 'காத்திருப்பு 40 நாள்' என்றால் நாற்பது நாளுக்கு ஒருமுறை அடிக்கலாம் என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. தொடக்கமும் முடிவும் வாக்கியத்திலேயே தெரிய வேண்டும்: 'கடைசியாகத் தெளித்த நாளிலிருந்து 40 நாள் கழியும் வரை அறுவடை செய்யாதீர்கள்.' பருத்திபோலப் பல தடவை எடுக்கும் பயிரில் 'அறுவடை' என்பதோடு 'முதல் எடுப்பும் சேர்த்து' என்று போடலாமா என்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

பாதுகாப்புப் பகுதியில் வேறு வகைத் தொல்லை. தமிழில் மறுப்பு கடைசியில் வரும். 'நாசில் அடைத்தால் வாய் வைத்து ஊதக் கூடாது' என்று எழுதினால், நான்கு விரல் அகலத் தாளில் 'கூடாது' அடுத்த வரிக்கு இறங்கிவிடும், மடிப்பில் மறைந்தும் போகும். 'ஊதாதீர்கள்' என்றால் மறுப்பு வினைக்குள்ளேயே இருக்கிறது, பிரிக்க முடியாது. அதோடு விட்டால் அடைப்பை எப்படித்தான் எடுப்பது? 'தண்ணீரில் கழுவி, மெல்லிய குச்சியால் எடுங்கள்' என்று செய்ய வேண்டியதைப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

'காற்றின் திசையில் தெளிக்கவும்' என்பது இன்னொன்று. இது காற்று போகும் திசையா, வரும் திசையா? 'காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும்' என்றால் நிற்பவருக்கு உடம்பே வழிகாட்டும். ஆனாலும் அது நாசிலைப் பிடிக்கும் திசையை மட்டும் சொல்கிறது, நடக்கும் திசையைச் சொல்லவில்லை. காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நேரே நடந்தால் தான் அடித்த ஈரச் செடிகளுக்குள்ளேயே போக நேரும். இடுப்புக்கு மேல் வளர்ந்த பருத்தியில் சட்டையெல்லாம் நனையும். காற்று போய்ச்சேரும் ஓரத்தில் தொடங்கி, காற்றுக்குக் குறுக்கே நடந்து, ஒவ்வொரு சாலுக்கும் காற்று வரும் பக்கமாக நகர்ந்தால் அடிக்காத செடிகளுக்குள்ளேயே நடக்கலாம். மூலத்தில் இது இல்லை. அதனால் அலுவலருக்குக் கேள்வியாக அனுப்புகிறேன்.

எல்லாம் முடிந்தபின், மருந்து அடித்துப் பழகிய ஒருவரிடம் தாளைக் கொடுத்து, புட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பி, 'முக்கால் ஏக்கருக்குக் கலந்து காட்டுங்கள்' என்கிறேன். புரிந்ததா என்று கேட்பதில்லை, கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். அவர் 30 மில்லி எடுத்து 15 டேங்க் என்று சொல்ல வேண்டும். தயங்கினாலோ வேறு எண்ணைச் சொன்னாலோ தாளில் எந்த வரியைப் பார்த்துச் சொன்னார் என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்கிறேன். அந்த வரிதான் திரும்ப எழுதப்படும்.