அசலுக்கு ஏற்றிய ஸ்டாப்லாஸ்

சேலம், நாமக்கல் பக்கம் மஞ்சள் விலையைக் கவனிக்காதவர் குறைவு. என்சிடெக்ஸ் மஞ்சள் ஃபியூச்சர்ஸையே கணக்குக்கு எடுப்போம். குவிண்டால் 14,000-க்கு வாங்கி, ஸ்டாப்லாஸ் 13,700, இலக்கு 14,900 என்று வைப்போம். 14,200 தொட்டதும் ஸ்டாப்பை வாங்கிய விலைக்கே ஏற்றிவிட்டால், சாதாரணமாக வரும் 200 ரூபாய் இறக்கமே நம்மை வெளியே தள்ளிவிடும். 13,700-க்குச் சார்ட்டில் ஒரு காரணம் இருக்கும்; 14,000 நம் கொள்முதல் விலை, அவ்வளவுதான். சந்தைக்கு அது தெரியவும் தெரியாது.

"நஷ்டம் மிச்சம்தானே?" என்பார்கள். மிச்சம்தான், தடவைக்கு 300. ஆனால் இலக்குக்குப் போயிருக்க வேண்டிய டிரேடு அறுபட்டால் போவது 900. அறுபடும் ஒவ்வொரு வெற்றிக்கும் மூன்று நஷ்டமாவது தப்பினால்தான் கணக்கு நேராகும், தரகு தனி. அறுபட்ட வெற்றி கணக்கில் பூஜ்யம் என்றே பதிவாவதால் இந்த இழப்பு கண்ணில் படுவதில்லை. வெளியேறிய பிறகு விலை முதலில் தொட்டது 13,700-ஐயா, 14,900-ஐயா என்று எழுதிவைத்துப் பாருங்கள். முந்தையதைவிட உயர்ந்த புதிய தாழ்வு ஒன்று சார்ட்டில் உருவான பின் அதற்குக் கீழே ஸ்டாப்பை நகர்த்துவது வேறு விஷயம்.