ஷிஃப்ட் மாற்றக் கேட்கும்போது

ஊரார் விசேஷம் கொண்டாடும் நாளில்தான் ஓட்டல்காரனுக்கு வேலை கூடும். முகூர்த்த நாளில் ரூமெல்லாம் நிறைந்திருக்கும். அதே முகூர்த்தத்தில்தான் நம் வீட்டு விசேஷமும் வரும். ஹவுஸ்கீப்பிங்கில் டூட்டி சார்ட் போடும் வேலையைப் பல வருஷம் பார்த்தவன் நான். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு பையனுக்கு வெள்ளிக்கிழமை காலை திண்டுக்கல்லில் தங்கையின் நிச்சயதார்த்தம் என்று வைத்துக்கொள்வோம். வேலை மதுரையில். வியாழக்கிழமை அவனுக்கு மதியம் 3 முதல் இரவு 11 வரை டூட்டி. அது முடிந்து கிளம்பினால் நடுராத்திரி பஸ்தான். அதனால் வியாழனன்று காலை ஷிஃப்டுக்கு மாற வேண்டும். வெள்ளிக்கு லீவும் வேண்டும். பெரும்பாலும் என்ன எழுதுவார்கள்? “சார், அர்ஜென்ட், ரெண்டு நாள் அட்ஜஸ்ட் பண்ணுங்க” என்று எழுதுவார்கள். எந்த நாள், எந்த ஷிஃப்ட், யார் வருவது என்று சூப்பர்வைசர் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்க வேண்டும். செக்-அவுட் நெருக்கடியில் அதற்கு நேரம் ஏது? மெசேஜ் அப்படியே கிடக்கும்.

சூப்பர்வைசர் காரணத்தைப் பார்ப்பதற்கு முன் சார்ட்டைப் பார்ப்பார். மாற்றும் கட்டத்தை மட்டுமல்ல, அதற்கு முந்தின நாளையும் அடுத்த நாளையும் பார்ப்பார். இரவு 11 மணிக்கு முடித்தவன் மறுநாள் காலை 7 மணிக்கு வந்தால் இடையில் எட்டு மணி நேரம்தான். வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டு, திரும்பி வரும் நேரம் போக அவன் தூங்குவது ஐந்து மணி நேரம்கூட இருக்காது. அப்படி வந்தவன் கையில் ரூம் வேலை தாமதமாகும், பாத்ரூமில் வழுக்கி விழவும் கூடும். ஆகவே உங்களுக்கு மட்டும் கணக்குப் போடாதீர்கள். உங்களுக்காக வருகிறவருக்கும் போடுங்கள். நம் பையன் மாற்றிக்கொள்ளக் கேட்டது, வியாழன் காலை ஷிஃப்டில் இருக்கும் செல்வத்தை. அவருக்கு வெள்ளிக்கிழமை வீக்லி ஆஃப். வியாழன் இரவு 11 வரை நின்றாலும் மறுநாள் ஓய்வு இருக்கிறது. செல்வத்தைத் தேர்ந்தெடுத்தது சரியான யோசனை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஷிஃப்ட் மாற்றினால் ஆள் கணக்கு குறையாது. லீவு எடுத்தால் ஓர் ஆள் குறையும். சூப்பர்வைசருக்கு இரண்டும் வேறு வேறு கணக்கு. அதனால் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றுக்கு முடியாது என்றால் மற்றொன்று தேவையா என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவன் இப்படி எழுதலாம்:

“வணக்கம் சார். 12ஆம் தேதி வியாழன் எனக்கு மதியம் 3–11, செல்வத்துக்குக் காலை 7–3. இருவரும் மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும். செல்வம் சம்மதித்துவிட்டார், அவருக்கு மறுநாள் ஆஃப். 13ஆம் தேதி வெள்ளி தங்கை நிச்சயதார்த்தம், ஒரு நாள் லீவு வேண்டும். லீவு சிரமம் என்றால் என் ஞாயிறு ஆஃபை வெள்ளிக்கு மாற்றித் தந்தாலும் போதும். இரண்டும் முடியாவிட்டால் ஷிஃப்ட் மாற்றமும் வேண்டாம். சனிக்கிழமை மதிய டூட்டிக்கு வந்துவிடுவேன் சார்.”

காரணம் இதில் ஒரே வரிதான். கெஞ்சலும் இல்லை, கட்டளையும் இல்லை. ஞாயிறு ஆஃபை விட்டுத் தர முன்வந்ததால், வெள்ளியன்று குறையும் ஆள் ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைக்கிறது. “சரி” என்ற ஒரு சொல்லில் பதில் தரும்படி கணக்கு முழுவதும் உள்ளேயே இருக்கிறது. மேலிருப்பவரின் நேரத்தை மதிப்பது என்றால் இதைத்தான் சொல்வேன். எத்தனை “சார்” போட்டோம் என்பதில் அந்த மரியாதை இல்லை.

அந்த வார சார்ட் வந்ததுமே இதை அனுப்புங்கள். டிபார்ட்மென்ட் குரூப்பில் போடாமல் சூப்பர்வைசருக்கு நேராக அனுப்புங்கள்; எல்லார் முன்னும் கேட்டால் அவரால் மனம்விட்டுப் பதில் சொல்ல முடியாது.

செல்வம் சரி என்றதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சூப்பர்வைசர் சொல்லி, சார்ட்டில் திருத்திய பிறகுதான் அது மாற்றம். திருத்தாமல் விட்டால் விரல் வைக்கும் மெஷினில் இருவர் நேரமும் ஒத்துவராது. சம்பளம் போடும்போது தகராறு வரும். செல்வம் வராமல் போனாலும், சார்ட்டில் உங்கள் பெயர்தான் இருக்கும், பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். அதனால் அனுமதி வந்ததும் சார்ட்டை ஒரு முறை நேரில் பாருங்கள்.

திடீர்க் காய்ச்சல், வீட்டில் துக்கம் என்றால் மெசேஜை நம்பி இருக்காதீர்கள். போன் செய்யுங்கள், எடுக்காவிட்டால் ஓட்டல் நம்பருக்குச் சொல்லுங்கள். ஷிஃப்ட் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் தெரிந்தாலும் வேறொருவரைக் கூப்பிட்டுவிட முடியும். தொடங்கிய பிறகு தெரிந்தால், உங்கள் மாடி ரூம்களையும் சேர்த்துச் சுமப்பவர் உங்கள் பக்கத்து மாடிக்காரர்தான்.