வைடூரியம் வாங்கும் முன்



ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், போனஸ் பணத்தில் அம்மா மோதிரத்துக்கென்று வைடூரியம் வாங்கி வந்தான். "மாமா, நிஜக் கல்தானே?" என்றான். நடுக்கோடு ஸ்கேல் வைத்து இழுத்தது போலிருந்தது. சந்தேகம் வந்தது.

கோட்டுக்கு இருபுறமும் உள்ள பக்கவாட்டைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். தேன்கூடு போல நுண்ணிய அறைகள். சாயமேற்றிய கண்ணாடி இழைகளை ஒட்டிச் செய்தது. அசலில் இந்தக் கூடு இருக்காது.

சான்றிதழின் தலைப்பில் 'கேட்ஸ் ஐ' என்று பெரிய எழுத்து. அது ஒளிக்கோட்டின் பெயர்தான். கல்லின் இனம் கீழே 'ஸ்பீசிஸ்' வரியில் இருக்கும். அங்கே 'கிரைசோபெரில்', ஒளிவிலகல் எண் 1.75 அருகில் என்றிருந்தால்தான் வைடூரியம். இவன் சான்றிதழில் 'கிளாஸ்' என்றே இருந்தது. காகிதம் பொய் சொல்லவில்லை, இவன்தான் படிக்கவில்லை.

மறுநாளே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டான். பணம் வந்துவிட்டது.